பாதி பழையது, பாதி புதியது: கிளைகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது இடைக்காலம் கேட்கும் விலை

ஒரு நிறுவனத்தின் மூன்றாம் கிளை புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது, ஏழாம் கிளை இன்னும் பழையதிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கிளையிலிருந்து ஏழாம் கிளைக்கு நாற்பது பெட்டிச் சரக்கு லாரியில் கிளம்புகிறது. அனுப்பும் இடத்தில் சரக்கு மாற்றுச் சீட்டு புதிய அமைப்பில் பதிவாகிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஏழாம் கிளையின் கிடங்குப் பொறுப்பாளர் வழக்கம்போலத் தன் திரையைத் திறந்து, ‘வரவேண்டிய மாற்றுச் சீட்டுகள்’ பட்டியலில் அதைத் தேடுகிறார். அங்கே எதுவும் இல்லை, ஏனென்றால் அந்தச் சீட்டு அவருடைய அமைப்பில் பிறக்கவே இல்லை. லாரி ஓட்டுநர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். பொறுப்பாளர் கைவசம் உள்ள வழியைப் பிடிக்கிறார்: பொதுவாக ஒரு சப்ளையர் பெயரைப் போட்டு, வெளியிலிருந்து வாங்கியதாக அதைப் பதிந்துவிடுகிறார். பழைய அமைப்பு பெட்டியில் எண்ணுவது, புதிய அமைப்பு தனித்தனி உருப்படியாக எண்ணுவது. ஒரு பெட்டிக்கு 24 உருப்படி என்றால், ஒரு பக்கம் 960 வெளியேறியிருக்கிறது, மறுபக்கம் 40 உள்ளே வந்திருக்கிறது. இரண்டு எண்ணும் அவரவர் அமைப்பில் சரியானவையே. மாத முடிவில் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் தலைமை அலுவலகக் கணக்கருக்கு மட்டும் 920 உருப்படிகள் எங்கே போயின என்று தெரியாது. போதாக்குறைக்கு, நிறுவனம் தன்னிடமிருந்து தானே வாங்கிய சரக்கு கொள்முதல் கணக்கில் ஏறி நிற்கும்.

பல கிளைகள் கொண்ட நிறுவனம் ஒரு புதிய அமைப்பைக் கொண்டுவரும்போது இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, எல்லாக் கிளைகளும் ஒரு வார இறுதியில் ஒரேயடியாக மாறுவது. மற்றொன்று, சில கிளைகள் முதலில், சில பிறகு என்று கட்டம் கட்டமாக மாறுவது. இந்த விவாதம் கூட்ட அறைகளில் பெரும்பாலும் துணிச்சலுக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலான விவாதமாகவே நடக்கிறது. கட்டம் கட்டமாகப் போவது பாதுகாப்பானது, ஒரேயடியாகப் போவது சூதாட்டம் என்ற எண்ணம் எப்படியோ நிலைத்துவிட்டது. மேலே சொன்ன நாற்பது பெட்டிகள் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கின்றன. அந்தச் சிக்கல் கட்டம் கட்டமாகப் போனதால் மட்டுமே உண்டானது. எல்லாக் கிளைகளும் ஒரே அமைப்பில் இருக்கும் நாளில், அது பழைய அமைப்பானாலும் புதிய அமைப்பானாலும், அது எழவே எழாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாதிப் பேர் பழையதிலும் பாதிப் பேர் புதியதிலும் இருக்கும் அந்த இடைக்காலத்தில் எல்லையைத் தாண்டி என்னென்ன போய்வருகின்றன என்பதாகும். தனித்தனிக் கடைகளைப் போல இயங்கி, தலைமைக்கு மாதம் ஒருமுறை கணக்கு மட்டும் அனுப்பும் கிளைகளுக்கு இடைக்காலம் ஏறக்குறையச் செலவில்லாதது. அவற்றை ஒவ்வொன்றாக நிதானமாக மாற்றலாம். சரக்கும் வாடிக்கையாளரும் கடனும் நாள்தோறும் கிளைக்குக் கிளை தாண்டிப் போகும் நிறுவனத்தில், இடைக்காலத்தின் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் கையால் சரிசெய்ய வேண்டிய வேலையைப் பெற்றுப்போடும்.

பன்னிரண்டு கிளைகள், கிளைக்கு எட்டுப் பயனர்கள், நாளொன்றுக்குக் கிளைக்கு சுமார் 150 பில்கள் என்று ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

சரக்கு விஷயத்துக்குத் தீர்வு உண்டு. இரண்டு அமைப்பிலும் ‘மறுகரை’ என்ற பெயரில் ஒரு போலிக் கிடங்கைத் திறக்க வேண்டும். புதிய அமைப்பிலிருந்து பழைய அமைப்பில் உள்ள எந்தக் கிளைக்குச் சரக்கு போனாலும் அது முதலில் ‘மறுகரை’க்குப் போனதாகப் பதிவாகும், பழைய அமைப்பில் அதே சரக்கு அங்கிருக்கும் ‘மறுகரை’யிலிருந்து வந்ததாகப் பதிவாகும். ஒவ்வொரு மாலையும் இரண்டு மறுகரைகளின் இருப்பையும், அளவு அலகை ஒன்றாக்கி, கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வர வேண்டும். பூஜ்யம் வராத அளவு இன்னும் லாரியில் இருக்கும் சரக்காக இருக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு நாள் ஆகும் இடத்தில் மூன்று நாளுக்கு மேல் நிற்கும் எந்த வரியும் தவறு என்று உடனே எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சரிபார்ப்பு மிக எளிமையானது. ஆனால் இதற்கென ஒரு ஆள் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். ‘கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிட்டால், ஆறு வாரம் கழித்து அந்தப் போலிக் கிடங்கில் ஒரு நிஜக் கிடங்கின் அளவுக்குச் சரக்கு சேர்ந்திருக்கும்.

கடன் வரம்பு இதைவிடச் சிக்கலானது. ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பு ஒரு லட்சம். அவர் இரண்டு கிளைகளில் வாங்குகிறார். ஒரு கிளை புதிய அமைப்புக்குப் போய்விட்டது, மற்றது பழையதில் இருக்கிறது. இரண்டு அமைப்பிலும் அவருடைய வரம்பு ஒரு லட்சம் என்றே பதிவாகியிருக்கும். பழைய அமைப்பில் அவர் 95,000 வரை வாங்கலாம், புதிய அமைப்பிலும் 95,000 வரை வாங்கலாம், எந்தத் திரையிலும் சிவப்பு எச்சரிக்கை வராது. நிறுவனம் 1,90,000 கடன் கொடுத்திருப்பது மாத முடிவு வரை யாருக்கும் தெரியாது. இரவில் ஒரு முறை இரு அமைப்புகளின் நிலுவைகளையும் பரிமாறிக்கொள்ளலாம், ஆனால் பகலில் நடப்பதை அது பிடிக்காது. வரம்பை இரண்டாகப் பிரித்து ஓர் அமைப்புக்கு 60,000, மற்றதற்கு 40,000 என்று வைக்கலாம். அப்போது நல்ல வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு கவுண்டரில் ‘வரம்பு தாண்டிவிட்டது’ என்று சொல்ல வேண்டிவரும். இரண்டுமே அரைகுறை. என் பார்வையில், இரு பக்கமும் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு மட்டும் வரம்பைக் கையால் பிரித்து, விற்பனைப் பிரதிநிதி மூலம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மற்றவர்களுக்கு இரவுப் பரிமாற்றம் போதும்.

பொருள் பட்டியலுக்கு ஒரு விதி மட்டும் போதும்: புதிய பொருள் எதுவானாலும் ஓர் அமைப்பில்தான் உருவாக்க வேண்டும், அங்கிருந்துதான் மற்றதற்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் உருவாக்கி இரண்டு பக்கமும் அனுப்ப விட்டால், ஒரே பொருள் இரண்டு குறியீடுகளில் உலவத் தொடங்கிவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது புது அமைப்பை நிறுவுவதைவிடப் பெரிய வேலை.

இப்போது ஒரு சிறிய கணக்கு. பன்னிரண்டு கிளைகளில் எந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரக்கு அனுப்பலாம் என்றால் மொத்தம் 66 ஜோடிகள். ஒரு கிளை மட்டும் மாறிய நிலையில் எல்லையின் இரு பக்கமும் நிற்கும் ஜோடிகள் 1 × 11, அதாவது 11. மூன்று கிளைகள் மாறியிருந்தால் 3 × 9, அதாவது 27. சரிபாதியில் 6 × 6, 36 ஆகிறது. பிறகு மறுபடி குறைகிறது. இடைக்காலத்தின் வேதனை முதல் கிளையிலும் இல்லை, கடைசிக் கிளையிலும் இல்லை, நடுவில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் முதல் கிளைக்கு ஏகப்பட்ட ஆட்களை ஒதுக்கி, அது நன்றாகப் போனதும் ஆட்களைக் குறைத்து, சரியாக நடுப்பகுதிக்கு வரும்போது ஆள் இல்லாமல் தடுமாறுகின்றன.

மாதம் ஒரு கிளை என்று பதினொரு மாதம் நீட்டிப் போனால், ஒவ்வொரு மாதமும் எல்லை தாண்டும் ஜோடிகளைக் கூட்டிப் பார்க்கையில் 286 வருகிறது. அதையே முதலில் 1, பிறகு 2, பிறகு 5, கடைசியாக 4 என்று நான்கு அலைகளில், அதே மாத இடைவெளியில் செய்தால் 11, 27, 32 எனக் கூட்டுத்தொகை 70 மட்டுமே. முதல் கிளைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையே அவசரப்படாமல், அதன்பின் நடுவை வேகமாகக் கடந்துவிட வேண்டும் என்பதே இதன் பொருள். கிளைக்கு ஒரே சீரான இடைவெளி விடும் அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். செலவில் அதுதான் மோசமானது.

இந்த எண்ணிக்கை ஓரளவுக்குத்தான் உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஜோடிகளும் சமமாகப் பழகுவதில்லை. கடந்த மூன்று மாத மாற்றுச் சீட்டுகளை அனுப்பிய கிளை, பெற்ற கிளை என்று ஒரு சதுரக் கட்டத்தில் அடுக்கிப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். ஐந்து கிளைகள் தங்களுக்குள் நாள்தோறும் சரக்கு மாற்றிக்கொள்ளும், மற்ற ஏழு கிளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும், இரண்டு குழுக்களுக்கும் இடையே வாரத்துக்கு ஒரு லாரிதான் போகும் என்று இருக்கலாம். அப்படியானால் ஐந்தையும் ஒன்றாக ஓர் அலையிலும், ஏழையும் ஒன்றாக அடுத்த அலையிலும் மாற்றும்போது தாளில் 35 ஜோடிகள் எல்லையில் நின்றாலும், நடைமுறையில் எல்லையைத் தாண்டுவது வாரத்துக்கு ஒரு லாரி மட்டுமே. அலைகளை நிலப்பகுதி வாரியாகவோ, மேலாளர்களின் சம்மதத்தைப் பொறுத்தோ பிரிப்பதைவிட இந்தக் கட்டத்தைப் பார்த்துப் பிரிப்பது எவ்வளவோ மேல். ஒரு பிற்பகலில் எடுக்கக்கூடிய அறிக்கை இது. இதை எடுக்காமலேயே அலைகளைத் தீர்மானிப்பவர்கள்தான் அதிகம்.

இடைக்காலம் இவ்வளவு தொல்லை என்றால் அதை ஒரே இரவாகச் சுருக்கிவிடலாமே என்பதுதான் ஒரேயடி மாற்றத்தின் வாதம். அது வலுவான வாதம். சில இடங்களில் அது மட்டுமே சாத்தியம். ஸ்வீடன் நாடு 1967 செப்டம்பர் 3 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு, சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வண்டி ஓட்டும் முறையை மாற்றியது. அதை மாவட்டம் மாவட்டமாகச் செய்திருக்க முடியாது. லாரிகள் இந்த வாரம், கார்கள் அடுத்த வாரம் என்று செய்யலாம் என்பது நகைச்சுவைத் துணுக்குக்கு மட்டும்தான் உதவும். ஒவ்வொரு வண்டியும் மற்ற எல்லா வண்டிகளோடும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும்போது இடைக்காலமே விபத்து. கிளைகளும் அதே அளவுக்குப் பின்னிப் பிணைந்திருந்தால் ஒரே இரவுதான் வழி. அந்த ஒரு இரவுக்காக ஸ்வீடன் சுமார் நான்கு ஆண்டுகள் தயாரானது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரேயடி மாற்றத்தின் விலை வேறு இடத்தில் இருக்கிறது. அது இடைக்காலத்தை ஒழித்துவிட்டு, திரும்பிப் போகும் வழியை விலையாகக் கேட்கிறது. நம் பன்னிரண்டு கிளைகளின் வார இறுதியை மணிக்கணக்கில் பார்ப்போம். சனி இரவு 8 மணிக்குக் கடை மூடுகிறது, திங்கள் காலை 9 மணிக்குத் திறக்க வேண்டும். கையில் இருப்பது 37 மணி நேரம். பழைய தரவை எடுக்க 5 மணி, புதியதில் ஏற்ற 9 மணி, இருப்பு, நிலுவை, கணக்கு மீதி எல்லாவற்றையும் சரிபார்க்க 8 மணி என்று ஒத்திகையில் அளந்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும். பழைய அமைப்பை மீட்டு, சோதித்து, மீண்டும் தயாராக வைக்க 6 மணி ஆகும்; அது காலை 8 மணிக்குள் முடிய வேண்டும் என்றால், ‘வேண்டாம், திரும்பிவிடலாம்’ என்று சொல்லக்கூடிய கடைசி நேரம் அதிகாலை 2 மணி. மாலை 6 முதல் அதிகாலை 2 வரை எட்டு மணி நேரம் உபரி இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆனால் சரிபார்ப்பில் ஏற்றிய தரவிலேயே தவறு தெரிந்து, மறுபடி ஏற்ற வேண்டிவந்தால், 9 மணி ஏற்றமும் 8 மணி சரிபார்ப்புமாக 17 மணி வேண்டும். ஞாயிறு மாலை 6 மணிக்குத் தொடங்கினால் திங்கள் காலை 11 மணி ஆகிவிடும். ஆகவே அந்த எட்டு மணி உபரி சிறு திருத்தங்களுக்குத்தான் உதவும், முழுவதையும் இரண்டாம் முறை செய்து பார்க்க உதவாது. ஒரே ஒரு முயற்சிதான். இரண்டு கிளைகளை மட்டும் மாற்றும் வார இறுதியில் எடுத்தல், ஏற்றல், சரிபார்த்தல் மூன்றும் சேர்ந்து ஐந்து மணியில் முடிந்தால், அதே 37 மணிக்குள் தவறைத் திருத்தி இன்னும் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவும் நேரம் இருக்கும். கட்டம் கட்டமாகப் போவதன் உண்மையான லாபம் இந்த இரண்டாம், மூன்றாம் முயற்சிகள்தாம்.

கடை திறந்த பிறகு திரும்புவது வேறு கதை. திங்கள் முழுவதும் புதிய அமைப்பில் பில் போட்டுவிட்டு, மாலையில் பழையதற்குத் திரும்ப முடிவெடுத்தால், அன்று போட்ட எல்லாப் பில்களையும் பழையதில் மறுபடி பதிய வேண்டும். ஒரு கிளை என்றால் 150 பில். பில்லுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் ஐந்து மணி நேரம், இரண்டு பேர் உட்கார்ந்தால் இரவு உணவுக்கு முன் முடிந்துவிடும். பன்னிரண்டு கிளைகள் என்றால் 1,800 பில், 60 மனித மணி நேரம். அது ஒரு நாளுக்கான கணக்கு மட்டுமே. மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால் 180 மணி நேரம். இதனால்தான் ஒரேயடி மாற்றத்தில் திரும்பும் திட்டம் தாளில் இருந்தாலும், முதல் நாள் மதியத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. அதன்பின் முன்னே போய்த் திருத்துவது ஒன்றே வழி. இதைத் திட்டக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, மேலிடத்துக்கும் சொல்லிவிடுவது நேர்மை.

இதற்கு அனைவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த பிறகும் அதன் கணினி அமைப்பையே கட்டணம் கொடுத்துப் பயன்படுத்திவந்த டிஎஸ்பியை, 2015 இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி வாங்கியது. சபடெலின் தொழில்நுட்பத்தின் அடிப்படையில் கட்டப்பட்ட புதிய தளத்துக்கு வாடிக்கையாளர்களை மாற்றும் வேலை முதலில் 2017 நவம்பருக்குத் திட்டமிடப்பட்டு, தள்ளிப்போய், 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையிலான வார இறுதியில் நடந்தது. சில சிறு பகுதிகள் முன்பே நகர்த்தப்பட்டிருந்தாலும், முக்கியமான மாற்றம் ஒரே நிகழ்வாகவே இருந்தது. சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். எல்லாக் கிளைகளும் பாதிக்கப்பட்டன. நிலைமை முழுமையாகச் சீரடைய அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. வாடிக்கையாளர்களுக்கு 3 கோடியே 27 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

இதில் கவனிக்க வேண்டியது, தரவு தொலைந்துவிடவில்லை என்பது. கணக்குகளும் மீதிகளும் புதிய தளத்துக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தன என்று ஒழுங்குமுறை அமைப்பே சொன்னது. சேர்ந்த பிறகு, வாடிக்கையாளர்கள் நுழையத் தொடங்கியதுமே, அந்தத் தளம்தான் தாங்கவில்லை. வங்கியின் இயக்குநர் குழு கேட்டுக்கொண்டபடி ஸ்லாட்டர் அண்டு மே என்ற சட்ட நிறுவனம் தயாரித்த ஆய்வறிக்கை 2019 நவம்பரில் வெளியானது. இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்க வேண்டிய அமைப்பில் சோதனை ஒரு மையத்தில் மட்டுமே நடந்தது என்பதும், ஒரே நிகழ்வில் மாறுவதன் ஆபத்துகள் போதுமான அளவு அலசப்படவில்லை என்பதும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன. சனிக்கிழமை இரவின் சரிபார்ப்புப் பட்டியல் முழுவதும் பச்சையாக இருந்தாலும், திங்கள் காலையின் சுமை அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. ஒரேயடி மாற்றத்தில் தரவுச் சரிபார்ப்பும் சுமைச் சோதனையும் இரண்டு வெவ்வேறு தேர்வுகள். முதலாவதில் தேறியதை வைத்து இரண்டாவதை ஊகிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டுக் கட்டம் கட்டமாகப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று சொல்வது எளிது. ஓரளவு உண்மையும்கூட: ஐம்பதாயிரம் பேரோடு தொடங்கியிருந்தால் ஐம்பதாயிரம் பேர்தான் பாதிக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் முன்னோட்டக் கிளை சுமையைக் காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. நம் நிறுவனத்தில் எட்டுப் பயனர்களோடு மின்னல் வேகத்தில் ஓடும் அமைப்பு, 96 பயனர்கள் ஒரே நேரத்தில் மாத முடிவு அறிக்கை எடுக்கும்போது எப்படி இருக்கும் என்பதை முதல் கிளை சொல்லாது. ஐந்து கிளைகள் சேரும் அலைதான் சொல்லும். முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கிளையும் பெரும்பாலும் ஆர்வமுள்ள மேலாளர், தலைமை அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடம், நல்ல இணைய இணைப்பு என்று எல்லாம் அமைந்த செல்லப்பிள்ளையாகவே இருக்கும். அங்கே வெற்றி பெறுவதால் தெரிவது, சாதகமான சூழலில் மென்பொருள் ஓடும் என்பது மட்டும்தான். முதல் கிளை சின்னதாக இருக்கலாம். ஆனால் சரக்குத் திரும்புதல், பகுதிப் பணம், மாற்றுச் சீட்டு என்று எல்லா வகை வேலையும் நடக்கும் கிளையாக இருக்க வேண்டும். இரண்டாம் அலையில் கட்டாயம் ஒரு முரண்டு பிடிக்கும் கிளையைச் சேர்க்க வேண்டும்.

உதவி மையத்தின் கணக்கும் தீர்ப்பை நகர்த்தக்கூடியது. புதிய அமைப்பின் முதல் நாளில் ஒரு பயனர் மூன்று முறை அழைக்கிறார், ஒவ்வொரு அழைப்பும் பதினைந்து நிமிடம் என்று வைத்தால், 96 பயனர்களுக்கு 288 அழைப்பு, 72 மணி நேர வேலை. ஆறு பேர் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தரக்கூடியது 48 மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு அழைப்புகள் அன்று எடுக்கப்படாமல் போகும். எடுக்கப்படாத அழைப்புக்குச் சொந்தக்காரர் சும்மா இருக்க மாட்டார், தன் போக்கில் ஏதாவது பதிந்துவிடுவார். நாற்பது பெட்டியை வெளிக் கொள்முதலாகப் பதிந்த கிடங்குப் பொறுப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைகளின் அலையில் 16 பயனர்கள், 48 அழைப்பு, 12 மணி நேரம். இரண்டு பேரே போதும். ஐந்து கிளைகளின் அலையில் 30 மணி நேரம். ஆறு பேர் நிம்மதியாகச் சமாளிக்கலாம். அலையின் அதிகபட்ச அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த எண்தான். மென்பொருளின் திறன் அல்ல.

இரண்டு அமைப்பையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம், எல்லாவற்றையும் இரண்டிலும் பதிந்து ஒப்பிடுவோம் என்று சிலர் மூன்றாவது வழியொன்றைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். கவுண்டரில் இருப்பவர் பகல் முழுவதும் ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு, கடை மூடியபின் அதைப் பார்த்து மற்றதில் ஏற்றுவார். இரண்டும் பொருந்தும், ஏனென்றால் ஒன்று மற்றதன் நகல். இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரண்டாவது அமைப்பில் பதிவுகளின் நேரத்தைப் பார்த்தாலே போதும்: நாள் முழுவதும் பரவிக் கிடக்க வேண்டியவை மாலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையே குவிந்திருக்கும். அத்தகைய ஒப்பீடு எந்தத் தவறையும் காட்டாது. ஒரு கிளையில், ஒரு மாத முடிவை உள்ளடக்கும்படி இரண்டு வாரம் இப்படி ஓட்டலாம். அதுவும் கூடுதல் ஆள் வைத்து. பன்னிரண்டு கிளைகளிலும் மாதக்கணக்கில் என்றால் ஊழியர்களை இருமடங்கு வேலை வாங்கி, பாதிப் பலனும் கிடைக்காது.

கட்டம் கட்டமான வழிக்கே உரிய இன்னொரு நோய், அது முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு அலையும் தன் பங்குக்கு ஒரு விதிவிலக்கு கேட்கும்: இந்தக் கிளைக்கு மட்டும் வேறு பில் வடிவம், அந்தக் கிளைக்கு மட்டும் பழைய விலைப்பட்டியல். நான்காம் அலை வரும்போது நிறுவுவது முதல் கிளையில் நிறுவிய அதே அமைப்பு அல்ல. கடைசி இரண்டு கிளைகள் ‘அடுத்த காலாண்டு’ என்று தள்ளிக்கொண்டே போகும். அந்த இரண்டுக்காகப் பழைய சர்வரும் அதன் உரிமக் கட்டணமும் அதைத் தெரிந்த ஒரே ஆளின் சம்பளமும் தொடரும். ஒரேயடி மாற்றம் இந்த நோயைத் தருவதில்லை. அது விதிவிலக்குகளை எல்லாம் தொடக்கத்திலேயே ஒரு மேசையில் வைத்துச் சண்டை போட்டுத் தீர்க்க வைக்கிறது. சொல்லப்போனால், அதன் முக்கியமான நன்மையே அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் பன்னிரண்டு கிளைகளுக்கு நான் தேர்வது ஒரு கலவை. பொதுக் கணக்கு, பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றையும் தலைமை அலுவலகத்தில் ஒரே நாளில், ஒரு நிதியாண்டின் தொடக்கத்தில் மாற்றிவிடுவேன். அவற்றுக்குப் பாதி நிலை என்று ஒன்று இருக்க முடியாது. கிளைகளின் பில்லும் இருப்பும் பழையதிலேயே தொடர்ந்து, தினம் இரவு புதிய கணக்குக்குத் தொகையாக வந்து சேரும். அடுத்து ஒரு கிளை, முழு மாத முடிவு ஒன்றைக் கடக்கும் வரை தனியாக. பிறகு மாற்றுச் சீட்டுக் கட்டம் காட்டும் ஐந்து கிளைக் குழுவின் மீதி நான்கும் ஒரே வார இறுதியில். மறுகரைக் கிடங்கின் தினசரிச் சரிபார்ப்பு பத்து வேலை நாட்கள் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் நிற்கும் வரி எதுவும் இல்லாமல் வந்தால்தான் மீதி ஏழுக்குத் தேதி. ஏழு கிளைகளின் முதல் நாளுக்கு 56 பயனர்கள், 42 மணி நேர அழைப்பு. அதே ஆறு பேர் போதும், கொஞ்சம் இறுக்கமாக.

அந்த ஏழு கிளைகளும் மாறிய பிறகு, பழைய அமைப்பில் புதிய பதிவு எதையும் ஏற்காதபடி பூட்டி, பார்க்க மட்டும் திறந்து வைக்க வேண்டும். மறுகரைக் கிடங்கில் மிச்சமிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்து, இரண்டு பக்கமும் பூஜ்யம் ஆனபின் அந்தப் போலிக் கிடங்கையே நீக்கிவிட வேண்டும். அதை நீக்கும் தேதி திட்ட அட்டவணையில், முதல் கிளை மாறும் தேதியோடு சேர்த்து, முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.